45 நாள் கணக்குத் தெரியாமல் ஒரு வருடம் போனது

ஐந்து வருடமாக ஒரு கிளெய்ம்கூடப் போடாத குடும்ப மருத்துவக் காப்பீடு எங்களுடையது. போன வருடம் புதுப்பிப்பு நோட்டீஸில் பிரீமியம் 18,600-லிருந்து 26,400 ஆகியிருந்தது. கஸ்டமர் கேரில் கேட்டால், "மருத்துவச் செலவு ஏறிவிட்டது சார்" என்ற ஒரே பதில். மூன்று முறை கூப்பிட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

காரணத்தை நானேதான் தேடிக் கண்டுபிடித்தேன். பாலிசி விவரக் கையேட்டில் வயதுவாரியான பிரீமியம் அட்டவணை இருக்கும். குடும்பம் முழுவதற்கும் ஒரே காப்பீட்டுத் தொகை இருக்கும் எங்கள் ஃபேமிலி ஃப்ளோட்டரில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் கட்டணம். எனக்கு 46 ஆனதால் 36–45 வரிசையிலிருந்து 46–50 வரிசைக்குப் போய்விட்டோம். பழைய அட்டவணைப்படியே பார்த்தாலும் அந்த வரிசையில் 22,900 ரூபாய். ஆக 4,300 வயதுக்காக ஏறியது. மீதி 3,500, அந்தத் திட்டத்தின் கட்டணத்தையே கம்பெனி எல்லோருக்கும் திருத்தியதால் வந்தது. திட்டத்தில் சேர்ந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து எவ்வளவு கிளெய்ம் வாங்கினார்கள் என்பதுதான் அங்கே கணக்கு. நான் கிளெய்ம் போடாததற்கு போனஸாகக் காப்பீட்டுத் தொகை கூடியிருந்தது, 5 லட்சம் 7.5 லட்சமாகியிருந்தது; பிரீமியம் குறையவில்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகு கோபம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் வேறு கம்பெனியில் இதே வயதுக்குக் கட்டணம் குறைவாக இருந்ததால் மாறிவிட முடிவு செய்தேன்.

அங்கேதான் அடி விழுந்தது. எங்கள் புதுப்பிப்பு தேதி அக்டோபர் 14. நோட்டீஸ் வந்ததே செப்டம்பர் பாதியில்தான். பழைய பாலிசியில் காத்திருந்த வருடங்களை இழக்காமல் கம்பெனி மாறுவதற்குப் போர்ட்டபிலிட்டி என்று பெயர்; அதற்கான விண்ணப்பத்தைப் புதுப்பிப்பு தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் கொடுக்க வேண்டும், 60 நாளுக்கு முன்னால் கொடுக்கக் கூடாது. அதாவது எனக்கு ஆகஸ்ட் 15 முதல் 30 வரைதான் அவகாசம். புதிய கம்பெனிக் கிளையில் அரை நாள் காத்திருந்து, தேதி தாண்டிவிட்டது என்ற பதிலோடு திரும்பினேன். "புதுசாவே எடுத்துக்கோங்க சார்" என்று அங்கிருந்த ஏஜென்ட் விடாமல் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைக் கேட்காதீர்கள். என் மனைவிக்குத் தைராய்டும் ரத்த அழுத்தமும் உண்டு. அவற்றுக்குக் கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் பழைய பாலிசியில் முடிந்திருந்தது. புதிதாக எடுத்தால் முதலிலிருந்து மறுபடியும் காத்திருக்க வேண்டும், அது மூன்று வருடம் வரை போகலாம். 26,400 கட்டிப் பழையதையே புதுப்பித்தேன்.

இந்த வருடம் நோட்டீஸுக்காகக் காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 17-ஆம் தேதியே போர்ட்டபிலிட்டி படிவம், முன்மொழிவுப் படிவம், எங்கள் பாலிசி விவரங்கள் அச்சான எல்லா வருடத்துப் பாலிசி அட்டவணைகள் என்று கொடுத்துவிட்டேன். முதல் வருடத்து அட்டவணை வீட்டில் இல்லை. பழைய கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி நான்கு நாளில் வாங்கினேன். தைராய்டு, ரத்த அழுத்தம், தினமும் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எழுதினேன். "அதெல்லாம் எழுதினா ரிஜெக்ட் ஆகும்" என்று ஒருவர் சொன்னார். புதிய கம்பெனி மறுக்கலாம் என்பது உண்மைதான், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் மறைத்தால் பிற்பாடு கிளெய்மே அடிபடும். அதனால்தான் புதிய இடத்தில் எழுத்தில் ஒப்புதல் வரும்வரை பழையதை விடாமல் வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையோடு ஒப்புதல் வந்தது.

காப்பீட்டுத் தொகையை 10 லட்சமாக உயர்த்திக்கொண்டேன். பழைய தொகையும் போனஸும் சேர்ந்த 7.5 லட்சத்துக்குத்தான் காத்திருந்த வருடங்கள் கணக்கில் வரும். கூடுதலாக எடுத்த 2.5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். இதை ஏஜென்ட் சொல்லவில்லை, படிவத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பாலிசி கைக்கு வந்ததும் நெஞ்சு திக்கென்றது. முதன்முதலில் காப்பீடு தொடங்கிய தேதி என்ற இடத்தில் இந்த வருட அக்டோபர் இருந்தது. மனைவியின் நோய்களுக்கு நேராக 36 மாதக் காத்திருப்பு. போர்ட் என்று ஏற்றுக்கொண்டுவிட்டுப் புதிய பாலிசியாகப் பதிந்திருந்தார்கள்! கிளைக்குப் போனேன், அங்கிருந்தவர், "சிஸ்டம்ல அப்படித்தான் வரும், கிளெய்ம் வரும்போது பாத்துப்பாங்க" என்றார். அப்படி வாய்ப்பேச்சை நம்பி வரக் கூடாது. அன்றைக்கே குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் போட்டேன். பழைய அட்டவணைகளையும் போர்ட்டபிலிட்டி படிவத்தின் முத்திரையிட்ட நகலையும் இணைத்து, திருத்தம் வராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்தில் புகார் செய்வேன் என்றும் எழுதினேன்.

ஆறாவது நாள் திருத்திய அட்டவணை வந்தது. தொடக்கத் தேதி பழைய பாலிசியின் முதல் வருடத்துத் தேதி. 7.5 லட்சம் வரை காத்திருப்பு இல்லை என்று தனி வரியாக அச்சாகியிருந்தது. அந்தத் தாளை மனைவியிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொன்னேன்.