பாரி மகளிரின் ஐந்து அடியில் எங்கட குளத்தை வைத்த கதை

புறநானூறு 112ஐ அச்சாக வைத்து எழுதினால் ஒரு பின்னேரத்தில் முடியும் என்றுதான் இருந்தேன். மூன்று வரைவு குப்பைக்குப் போனது.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே!

முதல் வரைவில் நிலவை அப்படியே விட்டுவிட்டு, குன்றுக்கு வயலையும் தந்தைக்கு ஆச்சியையும் போட்டேன். வாசித்த சிநேகிதர் சிரித்தார். அவருக்குப் பழைய பாட்டு மட்டும்தான் கேட்டதாம். நிலவு இருக்கும்வரை அது அவர்களின் பாட்டுத்தான்.

இரண்டாவதில் நிலவை எடுத்துவிட்டு, வயலையே அந்த இடத்தில் வைத்தேன். அது இன்னும் மோசம். நிலவு ஏன் அங்கே நிற்கிறது? தானாகத் திரும்பி வரும், இரண்டு தரமும் ஒரே மாதிரி இருக்கும், இழப்பு அதைத் தொடாது. வயலோ விதைப்புக்கு ஒரு கோலம், அரிவு வெட்டினால் வேறு கோலம். போதாததற்கு, பறிபோகக்கூடிய பொருளும் அதுவேதான். வன்னியில் நிலவின் வேலையைச் செய்யக்கூடியது மாரியில் குளம் நிரம்பி வான் பாய்கிற சத்தம். மழை பொய்த்த வருசத்தில் வான் பாயாது. ஆகவே பாட்டில் இரண்டு நல்ல மாரிகள் வேணும்.

மூன்றாவதில் வான் பாய்ந்தது, குன்றின் இடத்தில் வயலுக்குப் பதில் மாட்டுப் பட்டி வந்தது, ஆனால் கடைசியில் 'கண் கலங்குதே' என்று எழுதித் தொலைத்தேன். மூலத்தில் துயரத்துக்கு ஒரு சொல்கூட இல்லை, எண்ணிப் பாருங்கள். முதலாம் மூன்றாம் அடிகளில் 'அ' 'இ' ஆக மாறுவதைத் தவிர வேறு வித்தியாசமும் இல்லை. உடைமை சொல்லும்போது தந்தை, குன்று. இழப்பில் குன்று, தந்தை. அந்தத் தலைகீழ் வரிசையால்தான் தந்தை கடைசியில் வந்து விழுகிறார். நான் வரிசையைத் திருப்பாமல் விட்டதால் மாடு போனதுதான் பெரிய துக்கம் போல முடிந்திருந்தது!

நாலாவது:

அந்த மாரியில் அந்த வான்பாய்ச்சலில்
ஆச்சியும் இருந்தா; பட்டியையும் ஆரும் தொடேல்லை;
இந்த மாரியில் இந்த வான்பாய்ச்சலில்
ஹோனடிக்கும் லொறிக்காரர் எங்கட
பட்டியையும் ஏத்திட்டார், ஆச்சியும் இல்லை.

நாலாம் அடியில் மூன்றே சொல். மூலத்திலும் ஈற்றயலடி முச்சீர்தான். 'எம்' என்று தொங்கி, அடுத்த அடியில்தான் எது போனது என்று தெரியும். முரசுக்கு ஹோன் கிடைத்ததுதான் எனக்குப் பெரிய சந்தோசம்: எடுத்துப் போகிறவனுக்கு ஒரு வெற்றிச் சத்தம் வேணும். அவனைத் திட்ட ஒரு அடைமொழியும் போடாதீர்கள், வேந்தரையே அவர்கள் திட்டவில்லை.

இரண்டாம் அடி இன்னும் கொஞ்சம் இழுபடுகிறது. 'ஆரும் தொடேல்லை'க்குப் 'பிறர்கொளார்' அளவுக்கு இறுக்கம் வரவில்லை. தலைப்புக்குக் கீழே 'புறம் 112ஐத் தழுவியது' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். போடாமல் வாசித்தால் களவு என்று எழும்பிச் சொல்ல ஆள் இருக்கும்.