புனைபெயர் தேடி நான் பட்ட பாடு

ரேஷன் கார்டில் என் பெயர் ராஜேஷ்குமார். நான் எழுதுவது கொலை, கடத்தல், கரை ஒதுங்கும் பிணம் என்று க்ரைம் கதைகள். இந்த இரண்டு வரியிலேயே என் பிரச்சினை உங்களுக்குப் புரிந்திருக்கும்.

முதல் கதையைச் சொந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து உதவி ஆசிரியர் போன் செய்தார். "கதை நல்லா இருக்கு தம்பி. ஆனா இந்தப் பேர்ல போட்டா கோயம்புத்தூர்க்காரர் கதைன்னு நினைச்சு வாங்குவாங்க, படிச்சுட்டு நம்மளைத் திட்டுவாங்க" என்றார். இனிஷியல் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். உண்மைதான், புத்தகக் கடையில் யாரும் இனிஷியலைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் கோயம்புத்தூர் க்ரைம் எழுத்தாளர் ராஜேஷ்குமாருக்கே அது இயற்பெயர் இல்லையாம். ராஜகோபால் என்பவர் ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட பெயர், எனக்கு என் அப்பா வைத்த பெயர், விட்டுக்கொடுக்க வேண்டியவன் நான்.

சரி, புதுப் பெயர் வைப்போம் என்று கிளம்பினேன். இங்கேதான் முதல் வெட்டிச் செலவு. ராமநாதபுரத்தில் பத்திரம் எழுதும் ஒருவரிடம் விசாரித்தேன். நோட்டரி அஃபிடவிட் வேண்டும், அப்புறம் கெஜட்டில் போட வேண்டும், இல்லாவிட்டால் கதைக்கு உரிமை கோர முடியாது என்று பயமுறுத்தினார். தங்கச்சிமடத்திலிருந்து இரண்டு முறை பஸ் ஏறி இறங்கி, முத்திரைத்தாளும் வாங்கிவிட்டேன். தெரிந்த வக்கீல் ஒருவர்தான் தடுத்தார். கெஜட் என்பது சட்டப்படி பெயரையே மாற்றிக்கொள்பவர்களுக்கு. புனைபெயருக்கு எந்தப் பதிவும் தேவையில்லை. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டமே புனைபெயரில் வெளியான படைப்புக்கு 60 வருடப் பாதுகாப்பு தருகிறது, அது வெளியானதற்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். எழுதியவர் யார் என்று அதற்குள் வெளியே தெரிந்துவிட்டால், அந்த 60 வருடம் அவர் இறந்த பிறகு தொடங்கும். அந்த முத்திரைத்தாள் இன்னும் பீரோவில் கிடக்கிறது.

பெயருக்கு வருவோம். பட்டுக்கோட்டை பிரபாகர் மாதிரி ஊர்ப் பெயரை முன்னால் வைத்தால் கம்பீரமாக இருக்குமே என்று 'பாம்பன் குமரன்' என எழுதிப் பார்த்தேன். பெயர் அழகாகத்தான் இருந்தது. தேடிப் பார்த்தால் பக்கம் பக்கமாகச் சண்முக கவசம். முருகன் மேல் அந்தக் கவசத்தைப் பாடிய பாம்பன் குமரகுருதாச சுவாமிகளை எப்படி மறந்தேன் என்று என்னையே நொந்துகொண்டேன். 'பாம்பன்' என்றதும் 'குமரன்' என்றதும் தமிழ் வாசகன் கை கூப்பிவிடுவான். அந்தப் பெயரில் முதல் பக்கத்தில் ஒருவனைக் கழுத்தை அறுத்துப் போட முடியுமா? அதே பெயரில் யாரும் இல்லையென்றாலும் மோதல் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பெயரைக் கேட்டதும் வாசகன் மனதில் எந்த அலமாரி திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரியவர்கள் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள். திருவரங்கம் பற்றிய சரித்திரக் கதைக்கு ஸ்ரீவேணுகோபாலன் என்றும், விறுவிறு கதைகளுக்குப் புஷ்பா தங்கதுரை என்றும் ஒரே மனிதர் இரண்டு பெயர் வைத்துக்கொண்டது சும்மா இல்லை.

அடுத்தது 'கடல்நேசன்'. தமிழில் தேடினேன், பிரபலமாக யாரும் சிக்கவில்லை. நூலகத்தில் கேட்டேன், அங்கேயும் இல்லை. மின்நூலுக்கு அட்டையும் தயாராகிவிட்டது, அதில் கீழே ஆங்கிலத்தில் `Kadalnesan`. சென்னையில் இருக்கும் அக்கா மகன் பார்த்துவிட்டு, "மாமா, லவ் ஸ்டோரியா எழுதுறீங்க?" என்றான். ஆங்கில எழுத்தில் கடலுக்கும் காதலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அட்டையில் கத்தி, அதன் கீழே காதல்நேசன்! அட்டைக் காசு போச்சு. இப்போதெல்லாம் நிறைய பேர் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தமிழ்ப் புத்தகத்தைத் தேடுகிறார்கள். அதனால் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் வாயில் என்ன வருகிறதோ அதுதான் உங்கள் பெயர்.

அப்புறம் காற்றின் பெயர்களைப் பிடித்தேன். இங்கே மேற்கிலிருந்து வரும் காற்று கச்சான், தெற்கிலிருந்து வந்தால் சோழகம். 'சோழகன்' என்று வைத்தால் குதிரையும் வாளும் வந்துவிடும், ஏற்கெனவே சாண்டில்யன் ஆண்டுவிட்டுப் போன ராஜ்யம் அது. 'கச்சான் சேகர்' எனக்கு ரொம்பப் பிடித்தது. முரட்டுக் காற்று, முரட்டுக் கதை. மண்டபம் முகாமில் இருக்கும் ஓர் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். இலங்கையிலிருந்து வந்தவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, எங்கட ஊரில கச்சான் எண்டா வறுத்து விக்கிற கடலை. கடலை சேகர் எண்டு ஆர் படிக்கப் போயினம்?" இருபது மைல் கடலைத் தாண்டினால் புயல்காற்று வேர்க்கடலை ஆகிவிடுகிறது. அந்தக் கரையிலும் வாசகர்கள் வேண்டும் என்று நினைப்பவன் நான். அதுவும் போச்சு.

கடைசியில் பெயர் கிடைத்த இடம் மண்டபம் கடற்கரை. எதிரே மன்னார் வளைகுடாவில் வரிசையாகத் தீவுகள், அதில் ஒன்று மனோலி. ஆள் குடியிருப்பு கிடையாது, அனுமதி இல்லாமல் இறங்கவும் முடியாது. க்ரைம் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆள் பெயர் போலவும் ஒலிக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், அவ்வளவு ஆசை.

இந்த முறை ஒழுங்காகச் சோதித்தேன். தமிழில் லி, ளி இரண்டிலும் தேடினேன். எழுதுகிறவர் யாரும் தட்டுப்படவில்லை. `Manoli` என்று போட்டால் கிரேக்கக்காரர்கள் சிலர் வந்தார்கள், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தொந்தரவு வேறு பக்கம். தேடும் பெட்டி, நீங்கள் கேட்டது மனாலியா என்றது. ஒரு நண்பர் சென்னை மணலி என்றே நினைத்துக்கொண்டார். ஒற்றைச் சொல்லாக விட்டால் பனிமலைக்கோ எண்ணெய் ஆலைக்கோ போய்விடும் என்று புரிந்து, ராஜேஷில் மிச்சம் இருந்த ராஜை எடுத்து 'மனோலி ராஜன்' ஆக்கினேன். இரண்டு சொல்லாகத் தேடியபோது குழப்பம் தீர்ந்தது. ஐந்து பேரிடம் பெயரை மட்டும் சொல்லி, என்ன மாதிரி கதை என்று கேட்டேன். மூன்று பேர் துப்பறியும் கதை என்றார்கள், ஒருவர் பேய்க்கதை என்றார். ஐந்தாமவர் நகைக்கடையா என்றார். பரவாயில்லை, நாலுக்கு ஒன்று.

கதை வெளியானது. சன்மானமும் வந்தது, 'மனோலி ராஜன்' பெயரில் செக்காக. வங்கிக் கவுண்டரில் இருந்தவர் செக்கையும் பாஸ்புக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவர் வந்து போடட்டும் சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இவர்தான் நான் என்று சொல்லிப் பார்த்தேன், பத்திரிகையைக்கூடக் காட்டினேன். என் பின்னால் நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. செக்கைத் திருப்பி அனுப்பி வேறு வாங்க இரண்டு மாதம் ஆனது. இப்போது ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்திலும் 'வெளியிட வேண்டிய பெயர்' ஒரு வரி, 'பணம் அனுப்ப வேண்டிய பெயர்' இன்னொரு வரி, வங்கிக் கணக்கில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதிவிடுகிறேன்.

முகாம் அக்காவுக்கு இதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "நல்லா இருக்கு. ஆனா எனக்கு நீ கச்சான் தம்பிதான்" என்றார்.