பிரேக் போடும்போது மட்டும் பொய் சொன்ன டிரோன்

நின்ற இடத்தில் மிதந்தால் சரியாக இருக்கும். ஒரே வேகத்தில் நேராகப் போனாலும் சரியாக இருக்கும். வேகத்தைக் குறைக்கும் அந்த இரண்டு விநாடியில்தான் என் ஃபில்டர் ஜிபிஎஸ்ஸைத் தூக்கி எறியும். இதோடு நான் மூன்று வாரம் மல்லுக்கட்டினேன்.

நான் எழுதியது எக்ஸ்டெண்டட் கால்மன் ஃபில்டர், பல சென்சார்கள் சொல்வதைச் சேர்த்து டிரோன் எங்கே இருக்கிறது என்று ஊகிக்கும் நிரல். ஜைரோ சொல்லும் சுழற்சியைக் கூட்டிக்கொண்டே போய் டிரோன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும். அந்தச் சாய்வை வைத்து ஆக்சிலரோமீட்டர் அளவிலிருந்து புவியீர்ப்பைக் கழித்தால் முடுக்கம், அதிலிருந்து வேகம், அதிலிருந்து இடம். இது விநாடிக்கு 200 முறை நடக்கும். சாய்வில் ஒரு பாகை பிசகினாலே 0.17 மீ/வி² பொய் முடுக்கம் உள்ளே வந்துவிடும். அதனால் விநாடிக்கு ஐந்து முறை வரும் ஜிபிஎஸ்தான் கணக்கை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஜிபிஎஸ் சொல்வதற்கும் ஃபில்டர் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்கு இனோவேஷன் என்று பெயர். அது மூன்று சிக்மாவை, அதாவது எதிர்பார்க்கும் பிழையளவின் மூன்று மடங்கைத் தாண்டினால் அந்த அளவை ஒதுக்கிவிடும்படி எழுதியிருந்தேன்.

இங்கே சிங்கப்பூரில் நினைத்தபோதெல்லாம் பறக்கவிட முடியாது. விமான நிலையம், விமானப்படைத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் என்றாலோ, 200 அடிக்கு மேல் என்றாலோ அனுமதி வேண்டும். இந்தச் சின்ன ஊரில் 5 கிலோமீட்டர் வட்டங்களைப் போட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன இருக்கும்? அதனால் ஒரு ஞாயிறு காலை அனுமதிக்கப்பட்ட திடலில் பறந்து பதிவு எடுத்துவிட்டு, மற்றதெல்லாம் வீட்டு மடிக்கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததுதான்.

முதலில் ஆக்சிலரோமீட்டர் பயஸை, அதாவது அதன் அளவில் எப்போதும் ஒட்டியிருக்கும் பிழையைச் சந்தேகப்பட்டேன். ஃபில்டரும் அதைத்தான் கைகாட்டியது. பிரேக் போடும்போதெல்லாம் பயஸ் ஒரு பக்கம் ஏறும், கிளம்பும்போது மறுபக்கம் இறங்கும். சரி, சென்சார் மட்டம் என்று முடிவுகட்டி, ஜிபிஎஸ் வேகத்துக்குக் கொடுத்திருந்த 0.1 மீ/வி இரைச்சலை 0.5 ஆக்கினேன். ஒதுக்குவது நின்றது. ஆனால் ஜிபிஎஸ்ஸின் பேச்சை ஃபில்டர் பாதிதான் கேட்டது. திரும்பும் இடங்களில் இடம் வழுக்கிக்கொண்டு போனது.

வேலையிடத்தில் ஓர் அண்ணன், கப்பல் கருவிகளோடு பல வருடம் கிடந்தவர். காப்பிக்கடையில் தே ஹாலியாவை ஆற்றிக்கொண்டே என் பயஸ் வரைபடத்தைப் பார்த்தார். "பயஸ்னா அது பாட்டுக்கு இருக்கணும் தம்பி. நீ பிரேக் போடுறது அதுக்கு எப்படித் தெரியும்? நேரத்தைப் பாரு," என்றார்.

அன்றிரவு ஜிபிஎஸ் வேகத்தின் இனோவேஷனை முடுக்கத்துக்கு எதிராக வரைந்தேன். புள்ளிகள் சிதறாமல் ஒரு சாய்கோட்டில் உட்கார்ந்தன. 3 மீ/வி² அளவில் வேகம் குறையும்போது, ஜிபிஎஸ் 0.54 மீ/வி கூடுதலாகச் சொல்கிறது. 0.54-ஐ 3-ஆல் வகுத்தால் 0.18 விநாடி. அதாவது என் கைக்கு வரும் ஜிபிஎஸ் அளவு 180 மில்லிவிநாடிக்கு முந்தைய சேதி. இரைச்சல் 0.1 என்றிருந்தபோது, ஃபில்டரின் சொந்தச் சந்தேகத்தையும் சேர்த்து என் மூன்று சிக்மா எல்லை 0.45, ஒதுக்காமல் என்ன செய்யும்?

ஒரே வேகத்தில் போகும்போது ஏன் தெரியவில்லை என்பதுதான் என்னைக் கொஞ்சம் கலவரப்படுத்தியது. வேகம் மாறாவிட்டால் பழைய வேகமும் இப்போதைய வேகமும் ஒன்றுதான். இடம் மட்டும் பின்தங்கும், ஃபில்டரும் அதோடு சேர்ந்து பின்னால் நகர்ந்து சமாதானமாகிவிடும். இனோவேஷன் பூஜ்யம், ஆனால் 6 மீ/வி வேகத்தில் ஒரு மீட்டருக்கு மேல் தப்பு. திடலில் ஆரஞ்சுக் கூம்பு ஒன்றை வைத்து, கீழ்நோக்கிய கேமராவோடு வடக்கே ஒருமுறை, தெற்கே ஒருமுறை கடந்தேன். ஒரே கூம்பு, இரண்டு இடத்தில், இரண்டு மீட்டர் தள்ளித் தெரிந்தது.

தாமதத்தில் பாதி என் சோம்பேறித்தனம். ஜிபிஎஸ் தொகுதியை வந்தபடியே 9600 பாட் வேகத்தில் விட்டிருந்தேன். அது அனுப்பும் UBX-NAV-PVT செய்தி 100 பைட். பைட்டுக்கு 10 பிட் என்றால், கம்பியில் ஊர்ந்து வரவே 104 மில்லிவிநாடி. 115200-க்கு மாற்றியதும் அது 9 ஆனது. கோட்டின் சாய்வும் 0.18-இலிருந்து 0.085-க்கு இறங்கியது.

மிச்சம், ரிசீவர் உள்ளே கணக்குப் போட எடுக்கும் நேரம். அதை ஒழிக்க முடியாது. அதனால் ஃபில்டரையே அவ்வளவு பின்னால் ஓடவிட்டேன். ஜைரோ, ஆக்சிலரோமீட்டர் அளவுகள் ஒரு வரிசையில் காத்திருக்கும். ஜிபிஎஸ் அளவு எந்தக் கணத்துக்கு உரியதோ அந்தக் கணத்து நிலையோடு ஒப்பிடப்படும். அப்புறம் வரிசையில் மீதியுள்ள 17 அளவுகளைக் கூட்டி, இப்போது எங்கே என்று சொல்லும். PX4 என்ற டிரோன் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை ஏற்கெனவே உள்ளே நடக்கிறது. EKF2_GPS_DELAY எண்ணை மட்டும் சரிபார்த்தால் போதும்.

இரைச்சலைப் பழையபடி 0.1 ஆக்கினேன். பயஸ் கோடு படுத்துவிட்டது, கூம்பு இரண்டு தடவையும் அரை மீட்டருக்குள் விழுந்தது. திடலின் ஓரத்தில், வீவக அடுக்குமாடி புளோக்கை ஒட்டி வரும்போது மட்டும் ஜிபிஎஸ் இன்னும் சில சமயம் ஒதுக்கப்படுகிறது. அது சுவரில் பட்டு வரும் சிக்னல். அதை ஒதுக்கத்தான் வேண்டும், விட்டுவிட்டேன்.