ஒரு ரிவ்யூவர் வெட்டச் சொன்னார், இன்னொருவர் விரிக்கச் சொன்னார்

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு எவ்வளவு என்று மே மாதம் ஒரு முறையும் மழை முடிந்து ஜனவரியில் ஒரு முறையும் அளந்து எழுதி, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை அது. பெரிய திருத்தம் தேவை என்று பதில் வந்தது, 60 நாள் அவகாசம். முதல் ரிவ்யூவர், ஒரே வருடத்தில் இரண்டு முறை அளந்ததைப் பருவம் என்று சொல்லக்கூடாது, அந்தப் பகுதியையே எடுத்துவிடுங்கள் என்றார். இரண்டாமவர், கட்டுரையிலேயே முக்கியமானது பருவ ஒப்பீடுதான், விரித்து எழுதுங்கள் என்றார். எடிட்டர் எழுதியது ஒரே வரி: இருவர் கருத்துகளுக்கும் பதில் தாருங்கள்.

பாதியாக வெட்டி இருவரையும் சமாதானம் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் வழிகாட்டி மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன செய்யச் சொல்றாங்கன்னு பாக்காதம்மா, எந்த வரியில தடுக்கி விழுந்தாங்கன்னு பாரு" என்றார்.

இரண்டு அறிக்கைகளையும் அச்செடுத்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருவரும் சுட்டியது ஒரே வாக்கியத்தை: "மழைக்குப் பின் சராசரி ஃபுளோரைடு குறைந்தது, மழைநீர் கலந்து நீர்த்ததே காரணம்." களக் குறிப்பேட்டைப் புரட்டினேன். மே மாதப் பக்கத்தில் ஆறு கிணறுகளுக்கு எதிரே பென்சிலில் "தண்ணி வரல" என்று இருந்தது. அதாவது மே சராசரி 34 கிணறுகளுடையது, ஜனவரி சராசரி 40 கிணறுகளுடையது. வேறு வேறு கிணறுகளின் சராசரியை ஒப்பிட்டிருக்கிறோம்!

இரண்டு முறையும் அளந்த 34 கிணறுகளை மட்டும் ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தால் 19இல் குறைந்திருந்தது, 11இல் கூடியிருந்தது, மீதி நான்கில் வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள். மழைநீர் கலந்து நீர்த்தது என்று பொதுவாகச் சொல்ல இடமே இல்லை. அந்த வாக்கியத்தை எடுத்தோம், தலைப்பிலிருந்து "பருவ மாற்றம்" என்பதையும் எடுத்தோம். ஆனால் கிணறு வாரியான ஒப்பீட்டை ஒரு படமாகச் சேர்த்தோம்.

திருத்தி அனுப்பும் முன் எடிட்டருக்குச் சின்ன மின்னஞ்சல் போட்டேன்: இந்த இடத்தில் இருவரும் எதிரெதிராகச் சொல்கிறார்கள், நாங்கள் இப்படிச் செய்யப்போகிறோம், ஆட்சேபணை உண்டா? இருவரில் யார் சொன்னபடி செய்வது என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பதில் தாமதமாகும். ஆறாம் நாள் "சரி, பதில் கடிதத்தில் காரணத்தை விளக்குங்கள்" என்று வந்தது.

பதில் கடிதத்தை இருவருமே முழுசாகப் பார்க்க வாய்ப்புண்டு. அதனால் முரண்பட்ட இரண்டு கருத்துகளையும் மேலேயே சேர்த்து வைத்து, எங்கள் ஒப்பீட்டில் இருந்த தவறைச் சொல்லி, மாற்றிய வரி எண்களைக் கொடுத்தோம். "மற்றவர் வேண்டாம் என்றார்" என்று எங்கும் எழுதவில்லை.

அடுத்த சுற்றில் முதலாமவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாமவர், அந்த ஆறு கிணறுகளையும் வரைபடத்தில் வேறு குறியால் காட்டச் சொன்னார். வெற்று வட்டமாகப் போட்டு அனுப்பினோம்.