எண்ணெய்க் காப்பும் அம்மாவின் வேண்டுதலும்

முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் அம்மனுக்குத் தன் கையாலேயே எண்ணெய்க் காப்பு சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம் அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கோயில். கும்பாபிஷேகத்துக்கு முதல் நாளே போய்விட்டோம்.

அம்மாவின் சின்ன வயதில் அங்கே ஒரு கல்லும் சூலமும்தான் இருந்தனவாம். பூசாரி தாத்தா கூப்பிட்டால் யாரும் போய் மஞ்சள் பூசலாம். பிறகு ஊரிலிருந்து ஸ்தபதி வந்து கருவறை, விமானம் எல்லாம் ஆகமப்படி எழும்பின. அதோடு சிவதீட்சையும் ஆசாரிய அபிஷேகமும் பெற்ற சிவாச்சாரியார் மட்டுமே அம்மனைத் தொடலாம் என்றானது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் இந்த ஒரு நாள் மட்டும் வழி திறக்கிறது. திருப்பணி தொடங்கும்போதே கலாகர்ஷணம் செய்து அம்மனின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, தற்காலிகச் சன்னதியான பாலாலயத்தில் வைத்துவிடுகிறார்கள். இப்போது சக்தி இருப்பது யாகசாலைக் கும்பத்தில். அந்தக் கும்பநீர் மூலவர் மேல் விழும்வரை நாமும் தொடலாம். எல்லாம் பத்ததி என்ற பூசைமுறை நூலில் இருக்கும் வரிசைதான் என்றார் சிவாச்சாரியார். 12-ஆம் நூற்றாண்டில் அகோர சிவாச்சாரியார் எழுதிய பத்ததியை இன்றும் கையில் வைத்துத்தான் செய்கிறார்களாம்.

வரிசையைப் பற்றி என்ன சொல்ல! வெயிலில் நகரவே இல்லை. வாசலில் ஒருவர் சின்னக் கிண்ணம் நல்லெண்ணெயைப் பத்து ரிங்கிட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தார், "இந்த எண்ணெய்தான் செல்லும்" என்று அடித்துப் பேசியபடி. நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோனதை யாரும் தடுக்கவில்லை.

உள்ளே போனதும் தொண்டர் ஒருவர், "பீடத்தோரம் கை வைக்காதீங்கம்மா, மருந்து இன்னும் இறுகல" என்றார். குனிந்து பார்த்தேன். சிலை பீடத்தில் இறங்கும் இடத்தைச் சுற்றி விரல் கனத்தில் செந்நிற வளையம். முந்தின இரவு சாத்திய அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருளை இடித்து இடித்து, இளகிய பதத்தில் திரித்து அழுத்துகிறார்கள். நாள்பட அது கல்லாய் இறுகும். வருடங்கள் போனால் வெடிப்பு விடும். அபிஷேகத் தண்ணீர் கீழே இறங்கி, சிலைக்கு அடியில் வைத்த யந்திரத் தகட்டைத் தொடும், சிலையும் ஆட்டம் காணும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்மா அம்மனின் பாதத்தில் எண்ணெய் தடவினார். பிறகு முழங்கால். அங்கேயே கை நின்றுவிட்டது. பின்னால் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சத்தம். அம்மா அசையவே இல்லை, வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டே தடவினார். எனக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. நான் என்ன வேண்டினேன் என்றுகூட நினைவில்லை, தாயே.

மறுநாள் காலை விமானத்திலிருந்து தெளித்த தீர்த்தம் எங்கள் மேலும் விழுந்தது. காருக்கு நடக்கும்போதே அம்மா, "48 நாள் மண்டலாபிஷேகம் இருக்குல்ல, ஒரு நாள் உபயம் நம்ம பேருல எழுதி வச்சிட்டு வந்துடும்மா" என்றார். திரும்பிப் போனால் ஆபீஸ் முன்னால் இன்னொரு வரிசை!