இரண்டாம் முறை விதை எதற்கு? பாசி வளர்ப்புக்கு ஒரு பட்ஜெட் விளக்கம் எழுதிய அனுபவம்

மண்டபத்தில் வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் பத்துப் பெண்கள் சேர்ந்து மிதவையில் பாசி வளர்க்க ஓர் அறக்கட்டளையிடம் நிதி கேட்டோம். கூட்டமைப்பின் கணக்கையும் கடிதங்களையும் பார்ப்பவள் என்பதால் விண்ணப்பம் எழுதுவது என் பொறுப்பு. திட்டத்தை விவரிக்கும் பகுதி சீக்கிரம் முடிந்துவிட்டது. பட்ஜெட் அட்டவணைக்குக் கீழே, ஒவ்வொரு பெரிய செலவும் ஏன் தேவை என்று ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தார்கள். அதிகம் உழைப்பு வாங்கியது அந்தப் பத்திதான்.

விளக்கம் எழுதச் சொன்னால் பொதுவாக நாம் எழுதுவது, "பாசி வளர்ப்புக்கு மிதவை மிகவும் அவசியம்" என்பதுதான். பாசி வளர்க்க மிதவை வேண்டும் என்பது படிப்பவருக்கும் தெரியும். அவர் கேட்பது வேறு. ஏன் 150 மிதவை, ஏன் 100 இல்லை? ஒன்றுக்கு 1,800 ரூபாய் எப்படி வந்தது? இதை எடுத்துவிட்டால் எந்த வேலை நிற்கும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது விளக்கம். ஆகவே அட்டவணையை மூடி வைத்துவிட்டு, கடலில் நடக்கப்போகும் வேலையை முதலிலிருந்து எழுதிப் பார்த்தேன். எண்கள் அந்த வேலையிலிருந்து பிறக்க வேண்டும்.

குழுத் தலைவி அக்காவிடம் உட்கார்ந்து ஒரு மிதவையைப் பிரித்து எழுதினோம். 12 அடி மூங்கில் நாலு சேர்ந்து சதுரம். மூலைக்கு ஒன்றாக 4 அடித் துண்டு நாலு. குறுக்கே 20 கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் 20 இடத்தில் விதையாகக் கட்டும் பாசித்துண்டு, துண்டு 150 கிராம். கணக்குப் போட்டால் மிதவைக்கு 60 கிலோ விதை. அடியில் பழைய வலை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மீன் மேய்ந்துவிடும். முறிந்து விழும் துண்டுகளும் அந்த வலையில் தங்கும். தென்கடலான மன்னார் வளைகுடா பக்கம் 21 தீவுகளைச் சேர்த்து தேசியப் பூங்கா இருக்கிறது, அங்கே பவளப்பாறை. இந்தப் பாசி வெளியிலிருந்து வந்த இனம், பெப்சி நிறுவனம் இங்கே வளர்க்கத் தொடங்கியதால் இந்தப் பக்கம் இன்றும் பெப்சி பாசி என்பார்கள். அது பரவிப் பாறையில் ஒட்டிவிடக் கூடாது. அதனால்தான் வளர்ப்பு வடகடலில் மட்டும் என்பதையும், வலைக்கான காசு சிக்கனம் பார்க்கக்கூடிய காசு இல்லை என்பதையும் ஒரு வரியில் எழுதினேன். வலைக்கு மிதவைக்கு 150 ரூபாய்தான் ஆகிறது. ஆனால் கடல் தெரிந்த ஒருவர் அந்த அட்டவணையைப் படித்தால் முதலில் தேடுவது அதைத்தான்.

மிதவை விளக்கம் கடைசியில் இப்படி வந்தது:

"10 பேர், ஆளுக்கு 15 மிதவை, மொத்தம் 150. ஒரு மிதவை 45 நாளில் அறுவடைக்கு வரும். 150 மிதவையைச் சுழற்சியில் வைத்தால் நாளுக்கு மூன்று அல்லது நான்கு அறுவடையாகும். பத்துப் பேர் ஒரு காலைப் பொழுதில் அறுத்து, திரும்ப விதை கட்டி, கரை சேர்க்கக்கூடிய அளவு இதுதான். மிதவை ஒன்றுக்கு மூங்கில் 800, நடவுக் கயிறும் கட்டுக்கயிறும் 550, அடிவலை 150, பத்து மிதவைக்கு ஒன்று என்ற கணக்கில் நங்கூரமும் அதன் கயிறும் 300, ஆக 1,800 ரூபாய். விலைப்புள்ளிகள் இணைப்பில்."

இதில் 15 என்ற எண்ணை நான் அக்காவிடம் இருந்துதான் பெற்றேன். "இருபது வச்சா அறுக்கலாம், ஆனா அன்னைக்கே விதை கட்டி முடியாதும்மா. வெயிலுக்கு முன்னாடி கட்டலேன்னா விதை வெந்துரும்" என்றார். அந்த வாக்கியத்தின் சாரம்தான் "ஒரு காலைப் பொழுதில்" என்ற சொற்கள். இப்படி வேலை செய்பவர் வாயிலிருந்து வரும் வரம்பை விளக்கத்தில் சேர்த்தால் அந்த எண்ணை யாரும் பேரம் பேசுவதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து போடும் எண்ணுக்கு அந்தப் பலம் கிடையாது.

அடுத்து விதை. எனக்கு இதுதான் விண்ணப்பத்தின் உயிர்நாடி என்று பட்டது. 150 மிதவைக்கு 60 கிலோ வீதம் 9,000 கிலோ. கிலோ 15 ரூபாய் என்றால் 1,35,000. அதைக் கேட்கத் தேவையில்லை. முதலில் 50 மிதவைக்கு மட்டும் 3,000 கிலோ வாங்குகிறோம். 60 கிலோ கட்டிய மிதவை 45 நாளில், நிதானமாகக் கணக்கிட்டாலும், 200 கிலோ தரும். அதை விற்காமல் அப்படியே விதையாக்கினால் மூன்று மிதவைக்கு 180 கிலோ போக, 20 கிலோ கழிவுக்கு விடலாம். முதல் சுற்று முடியும்போது 150 மிதவையும் நிறைந்துவிடும். ஆகையால் மிதவைச் செலவிலும் 50க்கான பணம் முதல் தவணையில், மீதி 100க்கு இரண்டாம் தவணையில் போதும் என்று எழுதினேன். தவணை பிரித்துத் தருபவருக்கு அந்தப் பிரிப்பின் காரணம் கடலிலேயே இருக்கிறது என்று தெரிவது பெரிய நிம்மதி.

திட்டம் ஜூனில் தொடங்கி மே மாதம் முடிகிறது. நடுவில் வாடைக்காற்றுக் காலம். அக்டோபருக்கு மேல் வடகடலில் அலை ஏறி, மிதவை ஒன்றோடொன்று மோதி உடையும். மழைத்தண்ணீர் வந்து கலங்கி உப்பு குறையும். மிதவையைக் கரைக்கு இழுத்து வைத்துவிடுவார்கள். கொஞ்சம் விதையை மறைவான இடத்தில் காப்பாற்றப் பார்ப்பார்கள். எவ்வளவு தேறும் என்பது அந்த வருஷத்து வாடையைப் பொறுத்தது. எனவே ஜனவரியில் மறுபடியும் 3,000 கிலோ விதைக்கு 45,000 ரூபாய் போட்டிருந்தோம்.

அறக்கட்டளையின் திட்ட அதிகாரியிடமிருந்து வந்த கேள்வி சரியாக இந்த இடத்தில்தான். "விதை தானே பெருகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவது கொள்முதல் எதற்கு?" நியாயமான கேள்வி. வாடை என்று நான் எழுதியிருந்தது ராமநாதபுரத்துக்காரருக்குப் போதும், சென்னையில் இருந்து படிப்பவருக்குப் போதாது. அக்காவிடம் கேட்டேன். "போன வாடைக்கு முன்னாடி வாடையில ஒண்ணுமே மிஞ்சலை. போன வாடையில கொஞ்சம் மிஞ்சுச்சு. முழுசா நம்பி உக்கார முடியாது தாயி" என்றார். இதை வைத்து அந்தப் பத்தியைத் திரும்ப எழுதினோம்:

"அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றினால் வளர்ப்பு நிற்கும். விதையில் எவ்வளவு பிழைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. முழுவதும் போன ஆண்டும் உண்டு. விதை இல்லாவிட்டால் 150 மிதவையும் ஜனவரி முதல் மே வரை சும்மா கிடக்கும். ஆகவே 50 மிதவைக்கான 3,000 கிலோ கேட்கிறோம். ஜனவரி முதல் வாரத்தில் பிழைத்த விதையை எடை போட்டு, குறைவதை மட்டும் வாங்குவோம். மிஞ்சும் தொகையை உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதியுடன் மூங்கில் பழுதுக்குப் பயன்படுத்துவோம், அனுமதி இல்லையெனில் திருப்பித் தருவோம்."

நிச்சயமில்லாத செலவை எழுதும்போது, "எதிர்பாராச் செலவு" என்று ஒரு மொத்தத் தொகை போடுவது எளிது. நிதி தருபவர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான். எது நிச்சயமில்லை, எப்போது தெரியவரும், தெரிந்ததும் என்ன செய்வோம் என்று பெயர் சொல்லி எழுதினால் அதே பணம் ஒரு வேலையாக நிற்கிறது. எனக்கு இந்தப் பத்தியில் உறுதியாகத் தெரிந்த விஷயம் இது.

காய வைக்கும் மேடைக்கு நீளமாக எழுதவில்லை. நாளுக்கு மூன்று நான்கு மிதவை, விதைக்கு ஒதுக்கியது போக மிதவைக்கு 140 கிலோ, ஆக 450 முதல் 500 கிலோ பச்சைப் பாசி கரைக்கு வரும். காய மூன்று நாள் என்றால் ஒரே நேரத்தில் 1,500 கிலோ வரை பரப்பிக் கிடக்கும். மேடைக்கு 300 கிலோ வீதம் ஐந்து மேடை, ஒன்று 12,000. மணலில் காய வைத்தால் மண் ஒட்டும், வாங்குகிறவர் அதற்கு விலையில் கழிப்பார். பத்துக் கிலோ பச்சைக்கு ஒரு கிலோதான் காய்ந்த பாசி நிற்கிறது. அந்த ஒரு கிலோவிலும் மண்ணுக்குக் கழிவு என்றால் பெண்கள் கைக்கு என்ன வரும்? இந்தக் கேள்வியை அப்படியே எழுதாமல், கழிவைத் தவிர்க்க மேடை என்று மட்டும் எழுதினேன். வருமானக் கணக்கு வேறு பகுதியில் இருக்கிறது. அதை இங்கே இழுத்தால் பத்தி கைவிட்டுப் போகும்.

சம்பளம் எல்லாருக்கும் உறுத்தும் இனம். ஒருங்கிணைப்பாளருக்கு அரை நேரம், மாதம் 9,000, பன்னிரண்டு மாதம். "திட்டத்தை ஒருங்கிணைப்பார்" என்று எழுதினால் அது சம்பளத்தைக் காப்பாற்றாது. அறுவடை நாளெல்லாம் பத்துப் பேருடைய பாசியையும் தனித்தனியே எடை போட்டுப் பதிய வேண்டும், விதைக்கு எவ்வளவு விற்பனைக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். குழுவில் ஒருவரே இதைச் செய்தால் அவருடைய 15 மிதவையை யார் அறுப்பது, எடையில் சந்தேகம் வந்தால் யார் தீர்ப்பது? அதனால் வெளியாள் ஒருவர் என்று எழுதினோம். வாடை மாதங்களில் எடை வேலை இல்லையே என்பார்கள் என்று தெரியும். ஆகவே அந்த மாதங்களில் மிதவை பழுதுபார்ப்பு, விதைக் கண்காணிப்பு, கணக்குத் தணிக்கைக்கான வேலை என்று மாதவாரியாகவே போட்டோம். பெண்களின் விதை கட்டும் உழைப்புக்குப் பணம் கேட்கவில்லை. அதைக் குழுவின் பங்களிப்பாகக் காட்டி, வருகைப் பதிவேடு வைப்போம் என்று சேர்த்தோம். பயணம், கையுறை, கத்தி போன்ற சின்னச் செலவுகளுக்கு எல்லாம் சேர்த்து இரண்டே வாக்கியம்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். அட்டவணையைக் காட்டாமல், விளக்கத்தை மட்டும் பக்கத்துக் குழுவின் கணக்காளரிடம் கொடுத்து, தொகைகளைக் கூட்டிச் சொல்லச் சொன்னேன். மிதவைக்கு 2,70,000, விதைக்கு 90,000, மேடைக்கு 60,000, சம்பளம் 1,08,000 என்று அவர் தாளில் வந்தது அட்டவணையோடு ஒத்துப்போனது. ஒத்துப்போகாத இடம் இருந்திருந்தால், அங்கே ஒரு காரணம் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒப்புதல் கடிதத்தில் விதைப் பத்தியை நிபந்தனையாகவே எடுத்து எழுதியிருந்தார்கள். ஜனவரியில் எடை போட்டபோது 800 கிலோ பிழைத்திருந்தது. 2,200 கிலோ மட்டும் வாங்கி, மிஞ்சிய 12,000 ரூபாயை உடைந்த மூங்கிலுக்கு மாற்றக் கேட்டு, எடைச் சீட்டோடு அந்தப் பத்தியின் நகலையும் வைத்து அனுப்பினோம். அனுமதி வந்தது. பயன்பாட்டுச் சான்றிதழிலும் அந்த வரிக்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை.