ஒரு ரிலீவிங் லெட்டரும் ஒரு கேள்வியும்

நோய்களையும் சிகிச்சைகளையும் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலைக்கு மறுபடி போக நான் எழுதிய சிபிசி தேர்வு பெரிய கதையில்லை. 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். கோடிங் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். பையன் ஸ்கூலில் இருக்கும் நேரத்தில் படித்து முடித்துவிட்டேன். என்னை அலையவிட்டது ரிலீவிங் லெட்டர்தான்.

2015 மார்ச்சில், ஏழு மாச வயிற்றோடு மெடிக்கல் கோடிங் வேலையை விட்டேன். லெட்டரை அப்புறம் வாங்கிக்கலாம் என்று விட்டது என் தப்பு. போன மாதம் கிண்டிக்குப் போனால் ஆபீஸ் அங்கே இல்லை. செக்யூரிட்டி சொன்ன புது இடத்துக்கு வெயிலில் போய்ச் சேர்ந்தேன். "அவ்வளவு பழைய ரெக்கார்டு எங்ககிட்ட இருக்காது, மேடம். மெயில் பண்ணுங்க" என்றாள் ஹெச்ஆர் பெண், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். மூன்று மெயில் போட்டேன். பதிலே இல்லை.

பழைய தோழிதான் பிஎஃப் தளத்தில் Service History பாரடி என்றாள். சேர்ந்த தேதி இருந்தது, விலகிய தேதி காலி. கம்பெனி போடவில்லை என்றால் Mark Exit-இல் நாமே போட்டுக்கொள்ளலாம்; ஆனால் கடைசியாகப் பிஎஃப் கட்டிய மாதத்துக்குள் வரும் தேதியாக இருக்க வேண்டும். ஓடிபி ஆதாரில் உள்ள மொபைலுக்குத்தான் வரும், அதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து நேர்காணலுக்குக் கொண்டுபோனேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

சறுக்கியது டெக்னிக்கல் ரவுண்டில். நோயாளிக்கு டைப் 2 சர்க்கரை, ரத்த அழுத்தம், மூன்றாம் நிலை சிறுநீரக நோய். எப்படிக் கோட் பண்ணுவீர்கள் என்று கேட்டார் அந்த அம்மா. E11.9, I12.9, N18.30 என்று மளமளவென எழுதிக் கொடுத்தேன்; E11.9 என்றால் சிக்கல் எதுவும் இல்லாத சர்க்கரை. "சர்க்கரைக்கும் கிட்னிக்கும் சம்பந்தமே இல்லையா?" என்றார்.

டாக்டர் எழுதவில்லையே என்று வாய்வரைக்கும் வந்தது. அது நான் வேலை பார்த்தபோது இருந்த ஐசிடி-9 என்ற பழைய நோய்க் குறியீட்டுப் பட்டியல் காலத்துப் பழக்கம். சர்க்கரையால்தான் கிட்னி கெட்டது என்று டாக்டர் எழுதினால்தான் அப்போது சேர்ப்போம். ஐசிடி-10 இண்டெக்ஸில் சர்க்கரைக்குக் கீழே "with" என்று போட்டு சிறுநீரக நோய் வருகிறது. அப்படி வந்தால் தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு காரணம் என்று டாக்டர் எழுதியிருந்தால் மட்டும் விலக்கு. அமெரிக்காவில் ஐசிடி-10 வந்தது 2015 அக்டோபரில். அப்போது நான் கைக்குழந்தையோடு இருந்தேன். படித்ததெல்லாம் இருந்தும் பதற்றத்தில் கை பழைய வழியிலேயே போயிருக்கிறது.

E11.9-ஐ அடித்து, சர்க்கரையோடு சேர்ந்த சிறுநீரக நோய்க்கான E11.22 என்று எழுதினேன், காரணத்தையும் சொன்னேன். "இப்ப சரி" என்று சிரித்துவிட்டு, இன்சுலின் போடுகிறவர் என்றால் என்ன சேர்ப்பீர்கள் என்றார். Z79.4 என்று யோசிக்காமல் வந்துவிட்டது.

திங்கள்கிழமை ஆஃபர் வந்தது. சம்பளம் ஃப்ரெஷர் சம்பளம்தான். சான்றிதழில் CPC-A என்றுதான் இருக்கிறது, A என்றால் அப்ரெண்டிஸ்; அந்த A போக, இரண்டு வருட அனுபவத்துக்கு வேலை பார்த்த கம்பெனியின் கடிதம் வேண்டும். நான்காவது மெயிலை நேற்று அனுப்பினேன்.